புறவாசல் தோட்டம்

பாத்திரம் கழுவுகிற தண்ணீர் போய் விழும் இடத்தில்தான் ஆச்சியின் தோட்டம். லீவுக்கு அம்பாசமுத்திரம் வந்திருந்த கவிதாவுக்கு இரண்டு நாளாக இருமல்.

"சுவரோரம் தூதுவளை படர்ந்து கிடக்கு பாரு. பத்து இலை பறிச்சுட்டு வாட்டி."

"ஆ!" என்று கையை உதறினாள் கவிதா. ஆச்சி இலையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் நடு நரம்பு நெடுகச் சின்னச் சின்ன முட்கள். ஒவ்வொன்றையும் நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டு, இலையை நெய்யில் வதக்கி மிளகு ரசத்தில் சேர்த்தாள்.

அப்புறம் கேள்விகள் நிற்கவில்லை. மணத்தக்காளி வாய்ப்புண்ணுக்கு. முடக்கத்தான் தாத்தாவின் மூட்டு வலிக்கு, தோசை மாவில் அரைத்துச் சேர்ப்பதற்கு.

"பிரண்டையைத் தொடுறதுக்கு முன்னால கையில நல்லெண்ணெய் தடவிக்கிடணும், இல்லைன்னா அரிக்கும். நார் உரிச்சு, நல்லா வதக்கி, புளி வச்சு அரைச்சா துவையல். பசி எடுக்கும்."

"இது என்ன ஆச்சி? இலைக்கு அடியில குட்டிக் குட்டியா காய்?"

"கீழாநெல்லி. காமாலைக்குக் குடுப்பாங்க. ஆனா கண்ணு மஞ்சளாத் தெரிஞ்சா முதல்ல டாக்டர்கிட்டதான் போகணும், கேட்டியா?"

கவிதா தலையாட்டினாள். "சென்னையில எங்க பால்கனியில எது வளரும்?"

ஆச்சி கற்பூரவள்ளியில் ஒரு கொம்பை ஒடித்துக் கொடுத்தாள். "தொட்டியில ஊனி வை, வேர் பிடிச்சிரும். தண்ணி ரொம்ப ஊத்தாத, அழுகிப் போகும்."