முள்ளியவளைக் காணியின் விற்பனைப் பணத்தைப் பங்கிடுவதற்கான குடும்ப உடன்படிக்கை

2025 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 14 ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, முல்லைத்தீவு மாவட்டம் முள்ளியவளையில் உள்ள எமது தாயாரின் வீட்டில் கூடி இந்த உடன்படிக்கையை எழுதிக்கொள்கின்றோம். இதில் பங்கு பெறும் தரப்பினர், அமரர் கந்தையா செல்லம்மா அவர்களின் மூத்த மகள் வவுனியா பண்டாரிகுளத்தில் வசிக்கும் சிவமலர், மூத்த மகன் கனடா ரொறன்ரோவில் வசிக்கும் யோகநாதன், இளைய மகள் இவ்வீட்டிலேயே வசிக்கும் வசந்தி, மற்றும் 2009 இல் காலமான இளைய மகன் தவராசாவின் பிள்ளைகளான தர்சிகா, நிவேதா ஆகியோராவர். யோகநாதன் தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பிய அற்றோர்னித் தத்துவத்தின்படி அவருக்காகச் சிவமலர் கையொப்பமிடுகின்றார். தவராசாவின் மனைவி புவனேஸ்வரி உரித்தாளர் அல்லாதபோதும், கீழே சொல்லப்படும் நகைக் கடன் அவருடையது என்பதால் அவரும் ஒரு தரப்பாகச் சேர்க்கப்பட்டுள்ளார்.

1. காணி. 3 றூட் பரப்பளவுள்ள, அதாவது எமது வழக்கில் 12 பரப்புக் கொண்ட இந்தக் காணி எமது தாயாருக்குச் சீதனமாகக் கிடைத்த உறுதிக் காணியாகும். இது அனுமதிப்பத்திரக் காணியோ அளிப்புக் காணியோ அன்று. வன்னியில் காணி வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி அதுவே என்பதால் இதைத் தெளிவாக எழுதி வைக்கின்றோம். உறுதியின் மூலப் பிரதி 2009 இடப்பெயர்வில் தொலைந்துபோனது. மெனிக்பாம் முகாமிலிருந்து மீளக் குடியேறிய பின்னர் காணிப் பதிவகத்தில் பெற்ற உறுதிப்படுத்திய பிரதியே வங்கியில் ஈட்டுக்கு வைக்கப்பட்டுள்ளது. காணியில் கிணறும் 14 தென்னைகளும் ஒரு பலாவும், இந்திய வீட்டுத் திட்டத்தின் 550,000 ரூபா உதவியோடு தொடங்கிப் பின்னர் பெருப்பித்துக் கட்டிய கல்வீடும் உள்ளன. அந்த 550,000 ரூபா நன்கொடையாகும். அதற்காக எவருக்கும் எதுவும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை.

2. உரித்து. எமது தந்தையார் 1998 இலும் தாயார் 2021 மார்ச்சிலும் காலமானார்கள். தாயார் மரணசாதனம் எழுதி வைக்கவில்லை. ஆகவே அவரது காணி நான்கு பிள்ளைகளின் கிளைகளுக்கும் சமமாக, கிளைக்கு நான்கில் ஒன்றாக உரித்தாகின்றது. தாயாருக்கு முன்னரே இறந்த தவராசாவின் பங்கு அவருடைய இரு பெண் பிள்ளைகளையும் சேரும். நிவேதாவுக்கு 18 வயது நிறைவடையும் வரை விற்பனைக்குப் போகாமல் காத்திருந்தோம். வயது குறைந்தவரின் பங்கை விற்க நீதிமன்றத்திடம் தனியாக அனுமதி கேட்க நேர்ந்திருக்கும் என்பது ஒரு காரணம். தன் தந்தையின் பங்கைப் பற்றி அந்தப் பிள்ளை தானே வாய் திறந்து பேச வேண்டும் என்பது எமக்கு அதைவிடப் பெரிய காரணமாக இருந்தது. மரணசாதன வழக்கு முடிந்து நிர்வாகக் கடிதம் சிவமலரின் பெயரில் வழங்கப்பட்டுள்ளது.

3. விலையும் முற்பணமும். காணியும் வீடும் 11,500,000 ரூபாவுக்கு விலை பேசப்பட்டுள்ளன. அதில் 1,500,000 ரூபா முற்பணமாகப் பெறப்பட்டு, சிவமலரும் புவனேஸ்வரியும் சேர்ந்து வைத்துள்ள கூட்டுக் கணக்கில் இடப்பட்டது. மீதி 10,000,000 ரூபாவை 2025 ஒக்ரோபர் 10 ஆம் திகதி நொத்தாரிசின் முன்னிலையில் உறுதி முடிக்கும்போது கொள்வனவாளர் செலுத்துவார். முத்திரை வரியும் கைமாற்ற உறுதிக்கான கட்டணமும் அவருடைய பொறுப்பு என்பதால் எமது கணக்கில் வரவில்லை.

4. செலவுகள். மரணசாதன வழக்குக்குச் சட்டத்தரணி கட்டணம், நீதிமன்றச் செலவு, பத்திரிகை அறிவித்தல் உட்பட 364,500 ரூபா சென்றது. இதை யோகநாதன் அனுப்பினார். நில அளவையாளருக்கு 48,000, காணிப் பதிவகத் தேடுதலுக்கும் பிரதிகளுக்கும் 17,500, பிரதேச சபை வரி நிலுவைக்கு 12,000, பற்றை வெட்டிக் கிணறு இறைத்துத் துப்புரவாக்கியதற்கு 38,000 என மொத்தம் 115,500 ரூபாவை வசந்தியின் கணவர் தன் கையிலிருந்து கொடுத்தார். இவ்விரு தொகைகளும், சேர்த்து 480,000 ரூபா, பற்றுச்சீட்டுகளைப் பார்த்த பின்னர் முற்பணத்திலிருந்து அவரவருக்குத் திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டன. தரகருக்கு நூற்றுக்கு இரண்டு வீதமான 230,000 ரூபா உறுதி முடியும் நாளில் கொடுக்கப்படும். தாயாரின் இறுதிச் சடங்குக்கும் அந்தியேட்டிக்கும் யோகநாதன் செலவழித்த 420,000 ரூபாவைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று அவரே எழுத்தில் அறிவித்தார். மகனாகத் தான் செய்ய வேண்டிய கடமைக்குக் காணியிலிருந்து காசு எடுப்பதில்லை என்ற அவருடைய சொல்லை மற்றையோர் மரியாதையோடு ஏற்றுக்கொண்டோம்.

5. கடன்கள். எந்தப் பங்கும் பிரிக்கப்படுவதற்கு முன்னர் இரண்டு கடன்கள் தீர்க்கப்படும்.

முதலாவது, குழாய்க் கிணறு அடிக்கவும் கூரையை மாற்றவும் தாயாரும் வசந்தியும் 2018 இல் காணியை ஈடு வைத்து எடுத்த வங்கிக் கடன். ஒக்ரோபர் 10 ஆம் திகதிக்குரிய தீர்வைத் தொகை 1,286,400 ரூபா என வங்கி எழுத்தில் அறிவித்துள்ளது. ஈடு மீட்பு உறுதிக்கான 15,600 ரூபாவுடன் இது 1,302,000 ரூபாவாகும். கொள்வனவாளர் இந்தக் கடன் தொகைக்கு வங்கியின் பெயரிலேயே காசுக்கட்டளை கொண்டுவருவார். ஈடு மீட்பு உறுதி முதலிலும் கைமாற்ற உறுதி அடுத்ததாகவும் அதே நாளில், அதே மேசையில் கையொப்பமிடப்படும். இந்தப் பணம் எம்மில் ஒருவரின் கணக்குக்குப் போய் அங்கிருந்து வங்கிக்குப் போவதை நாம் எவரும் விரும்பவில்லை.

இரண்டாவது, 2020 இல் தாயாரின் வைத்தியச் செலவுக்காக அடைவு வைக்கப்பட்ட புவனேஸ்வரியின் மூன்றரைப் பவுண் தாலிக்கொடி. 2009 இல் சேலைத் தலைப்பில் முடிந்து, இரண்டு சிறு பிள்ளைகளோடு அவர் கொண்டுவந்து சேர்த்த ஒரே பொருள் அதுதான். மாமியாருக்காக அதைக் கழற்றிக் கொடுத்தபோது அவர் சீட்டு எழுதிக் கேட்கவில்லை. நாமும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதாமல் விட்ட அந்தக் கடனை இந்த உடன்படிக்கையில் முழுமையாக ஒப்புக்கொள்கின்றோம். முதலும் வட்டியுமாக 388,000 ரூபா முற்பணத்திலிருந்து செலுத்தப்பட்டு நகை மீட்கப்பட்டது. இன்று எல்லோருடைய கண்முன்னும் அது அவர் கையில் ஒப்படைக்கப்பட்டது. அந்தத் தொகை தர்சிகா, நிவேதாவின் பங்கில் கழிக்கப்படமாட்டாது.

6. மீதிப் பணம். முற்பணத்தில் மேற்கூறிய 480,000 ரூபாவும் 388,000 ரூபாவும் போக 632,000 ரூபா கூட்டுக் கணக்கில் உள்ளது. உறுதி முடியும் நாளில் வரும் 10,000,000 ரூபாவில் வங்கிக் கடனும் மீட்பு உறுதியும் 1,302,000, தரகு 230,000 ஆகியன போக 8,468,000 ரூபா மிஞ்சும். இரண்டையும் சேர்த்துப் பங்கிட வேண்டிய தொகை 9,100,000 ரூபா.

7. பங்கு. சட்டப்படி நான்கு கிளைகளுக்கும் சமமாகப் பிரிக்க வேண்டிய இந்தத் தொகையைப் பத்துப் பங்காக்கி, வசந்திக்கு நான்கு பங்கும், தவராசாவின் பிள்ளைகளுக்கு மூன்று பங்கும், சிவமலருக்கு இரண்டு பங்கும், யோகநாதனுக்கு ஒரு பங்கும் என எவருடைய வற்புறுத்தலுமின்றி உடன்பட்டுள்ளோம். ஒரு பங்கு 910,000 ரூபா. அதன்படி வசந்தி 3,640,000 ரூபாவும், தர்சிகாவும் நிவேதாவும் தலைக்கு 1,365,000 ரூபாவாக 2,730,000 ரூபாவும், சிவமலர் 1,820,000 ரூபாவும், யோகநாதன் 910,000 ரூபாவும் பெறுவர்.

சமபங்கு என்றால் ஒவ்வொரு கிளைக்கும் இரண்டரைப் பங்கு வந்திருக்கும். சிவமலர் அரைப் பங்கையும் யோகநாதன் ஒன்றரைப் பங்கையும் விட்டுக்கொடுத்துள்ளனர். சிவமலருக்குக் கலியாணத்தின்போது பண்டாரிகுளத்தில் காணி கொடுக்கப்பட்டது. தானும் அதை நினைத்தே அரைப் பங்கை விட்டதாக அவர் கூறினார். வசந்தி ஆறு ஆண்டுகளாகப் படுக்கையில் இருந்த தாயைப் பார்த்தவர். வங்கிக் கடனின் மாதத் தவணையைத் தன் தையல் வருமானத்தில் கட்டி வந்தவரும் அவரே. வீட்டுச் சுவர்களில் அரைவாசியை அவருடைய கணவர் கூலி வாங்காமல் கட்டினார். இவற்றைக் கணக்குப் பார்த்துக் கூலியாகக் கொடுக்க எம்மால் இயலாது என்பதால், பங்கைக் கூட்டிக் கொடுப்பதே நீதி என்று கருதினோம். வசந்தி இப்போது காணியில்லாதவராக வெளியேறுகின்றார் என்பதும் எம் மனத்தில் இருந்தது.

8. கணக்கு மாறினால். உறுதி முடியும் நாள் தள்ளிப்போய் வங்கி வட்டி கூடினாலோ, வேறு நியாயமான செலவு வந்தாலோ, அது இதே பத்துப் பங்கு வீதத்தில் எல்லோரிலும் கழியும். 10,000 ரூபா கூடினால் வசந்தியில் 4,000, பிள்ளைகளில் 3,000, சிவமலரில் 2,000, யோகநாதனில் 1,000 எனக் கழியும். பற்றுச்சீட்டு இல்லாத எந்தச் செலவும் ஏற்கப்படமாட்டாது. கொள்வனவாளர் பின்வாங்கினால் முற்பணம் குறித்து விற்பனை ஒப்பந்தத்தில் உள்ளபடி நடப்போம். அடுத்த விற்பனைக்கும் இந்தப் பங்கு வீதமே நிற்கும், விலை கூடினாலும் குறைந்தாலும் மாறாது.

9. பணம் கொடுக்கும் முறை. உறுதி முடிந்து ஏழு நாட்களுக்குள் ஒவ்வொருவரின் பங்கும் அவரவர் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மாற்றப்படும். கையில் காசாக எவருக்கும் கொடுக்கப்படாது. தர்சிகா, நிவேதாவின் பணம் இரு தனிக் கணக்குகளுக்குப் போகும். அவர்களின் தாயான தான் உட்பட வேறு எவரும் அதில் கையொப்பமிடமாட்டார்கள் என்பதைப் புவனேஸ்வரியே கேட்டு எழுதச் சொன்னார்.

10. வீட்டிலிருந்து வெளியேறுதல். கொள்வனவாளரின் சம்மதத்துடன் வசந்தி குடும்பத்தினர் 2025 டிசெம்பர் 31 வரை வாடகையின்றி இருப்பர். அம்மி, குத்துவிளக்கு, தந்தையாரின் பெட்டகம் ஆகியன விற்பனையில் சேரா. வசந்தி எடுத்துச் செல்வார். தாயார் ஆண்டுதோறும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குக் கொடுத்து வந்த அரிசியையும் தேங்காயையும் இனிச் சிவமலர் தன் செலவில் கொடுப்பார்; அது இந்தக் கணக்கைச் சாராது.

11. பிணக்கு. இந்தக் கணக்கில் ஐயம் எழுந்தால் முதலில் எமது தாய்மாமன் சின்னத்தம்பி நாகலிங்கம் முன்னிலையில் பேசுவோம். அங்கு தீராவிட்டால் மத்தியஸ்த சபைக்குப் போவோம். அதற்கு முன்னர் எவரும் வழக்கு வைப்பதில்லை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி காணி உரிமை நொத்தாரிசு உறுதியினால் மட்டுமே கைமாறும் என்பதை அறிவோம். ஆகவே இந்த எழுத்து காணியைக் கைமாற்றவில்லை. அதன் விலைப் பணத்தை மட்டுமே பிரிக்கின்றது. தன் பங்கைப் பெற்ற பின்னர் மற்றையோரின் பங்கில் எவரும் உரிமை கோரமாட்டார்.

இந்த உடன்படிக்கை தாய்மாமனால் உரத்து வாசிக்கப்பட்டது. யோகநாதன் தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்து, ஏழாம் பந்தியை மீண்டும் வாசிக்கச் சொல்லிச் சம்மதம் தெரிவித்தார். ஆறு பிரதிகள் எழுதப்பட்டு, தரப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகக் கொடுக்கப்பட்டன. யோகநாதனுக்குரிய பிரதி சிவமலரிடம் ஒப்படைக்கப்பட்டது.

கையொப்பமிட்டோர்: சிவமலர் (தனக்காகவும், அற்றோர்னித் தத்துவத்தின்படி யோகநாதனுக்காகவும்), வசந்தி, தர்சிகா, நிவேதா, புவனேஸ்வரி.

சாட்சிகள்: சின்னத்தம்பி நாகலிங்கம், தாய்மாமன், தண்ணீரூற்று, வசந்தியின் கணவர் இரவீந்திரன், முள்ளியவளை.