இந்த எண்ணில் ஏற்கெனவே ஒரு கணக்கு இருக்கிறது

வணக்கம்.

நீங்கள் கொடுத்த, 47-ல் முடியும் கைபேசி எண்ணுக்கு ஓடிபி அனுப்பினோம். நீங்களும் சரியாகப் போட்டுவிட்டீர்கள். சிம் உங்கள் கையில்தான் இருக்கிறது என்பதில் எங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் இதே எண்ணில் நம் செயலியில் ஒரு விவசாயி கணக்கு முன்பே பதிவாகியிருக்கிறது. அதனால் புதுக் கணக்கை இப்போது திறக்க முடியவில்லை.

பதற வேண்டாம். நீங்கள் நிரப்பிய பெயர், ஊர், பயிர், வங்கி விவரம் எதுவும் அழியவில்லை. 30 நாள் வரை அப்படியே வைத்திருப்போம். எண் விடுபட்டதும் விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இதற்காகப் புது சிம் வாங்கத் தேவையில்லை, யாருக்கும் ஒரு பைசா கொடுக்கவும் தேவையில்லை.

ஏற்கெனவே இருக்கும் கணக்கைப் பற்றி உங்களிடம் நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: பெயர் ‘மு’ என்று தொடங்குகிறது. 2021 ஜூனில் ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் பதிவானது. கடைசியாகத் திறக்கப்பட்டது 2023 நவம்பரில். அது வேறொருவருடைய கணக்காக இருந்தால், அதில் அவருடைய எடைச் சீட்டும் வரவுப் பணமும் இருக்கும். உங்கள் கணக்கை நாளை வேறு யாராவது கேட்டால் அவர்களுக்கும் இதற்கு மேல் சொல்ல மாட்டோம்.

ஒரு எண்ணுக்கு ஒரு கணக்குதான் என்று ஏன் வைத்திருக்கிறோம்

ஆரம்பத்தில் ஒரே எண்ணில் இரண்டு மூன்று கணக்கு வைத்துக்கொள்ள விட்டிருந்தோம். வீட்டுக்கு ஒரு போன்தானே இருக்கிறது என்று நினைத்தோம். ஒருநாள் விடியற்காலையில் ஒருவர் ஏழு மூட்டை முருங்கை இறக்கினார். சீட்டு அவருடைய மைத்துனர் கணக்கில் போய் விழுந்தது, ஏனென்றால் இருவருக்கும் ஒரே எண். மைத்துனரும் அன்றைக்கு முருங்கைதான் கொண்டுவந்திருந்தார். பட்டியலில் பணம் கூட வந்திருக்கிறதே, விலை ஏறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து அதை எடுத்து ஆள் கூலி கொடுத்துவிட்டார். கணக்கைப் பிரித்துச் சரிசெய்யப் பதினோரு நாள் ஆயிற்று. அதற்குள் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. எடைச் சீட்டு, மண்டிப் பட்டியல், பணம் ஏறிய தகவல் எல்லாமே இந்த எண்ணை நம்பித்தான் போகின்றன. அதனால் இந்த விதியைத் தளர்த்த எங்களுக்கு மனம் வரவில்லை.

முதலில் யோசித்துப் பாருங்கள்: அது உங்கள் கணக்கே தானா?

எங்களிடம் வரும் புகார்களில் அதிகம் இந்த வகைதான். எப்போதோ மார்க்கெட்டில் இறக்கும்போது மண்டிக் கணக்குப்பிள்ளை உங்கள் பெயரைப் பதிந்திருப்பார். அப்புறம் போன் மாறியிருக்கும், செயலியும் போயிருக்கும், நினைவில் இருக்காது. ‘மு’ உங்கள் பெயரின் முதலெழுத்தாகவோ, உங்கள் அப்பா பெயரின் முதலெழுத்தாகவோ இருக்கிறதா?

ஆம் என்றால் எண்ணை விடுவிக்கவே வேண்டாம். கீழே உள்ள ‘பழைய கணக்கில் நுழை’ என்பதை அழுத்துங்கள். நான்கு இலக்க ரகசிய எண் மறந்திருந்தால் ‘மறந்துவிட்டது’ என்பதைத் தொடுங்கள். ஒரு ஓடிபி வரும். அதோடு, பதிவு செய்த வங்கிக் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் கேட்போம். இரண்டும் சரியாக இருந்தால் புது ரகசிய எண் வைத்துக்கொள்ளலாம். பழைய சீட்டுகளெல்லாம் உள்ளே அப்படியே இருக்கும்.

வீட்டில் ஒருவரோ, கடைப் பையனோ உங்கள் எண்ணைக் கொடுத்திருந்தால்

மகன் தன் கணக்கைத் திறக்கும்போது அம்மா எண்ணைப் போட்டிருப்பான். வண்டி ஓட்டுபவர் தன் போனில் சார்ஜ் இல்லை என்று உங்கள் எண்ணைச் சொல்லியிருப்பார். ஆள் யார் என்று தெரிந்துவிட்டால் வேலை ஐந்து நிமிடம்தான். அவரையே செயலியைத் திறக்கச் சொல்லுங்கள். ‘என் விவரம்’, அதற்குள் ‘கைபேசி எண்’, அதற்குள் ‘மாற்று’. அவருடைய சொந்த எண்ணைப் போட்டதும் ஓடிபி அந்தப் புது எண்ணுக்குப் போகும். அதைப் போட்ட நொடியில் உங்கள் எண் விடுபட்டுவிடும். நீங்கள் இந்தத் திரைக்குத் திரும்பி வந்து ‘மறுபடி பார்’ என்பதை அழுத்தினால் போதும்.

ஒரே ஒரு வேண்டுகோள். எண் விடுபட வேண்டும் என்பதற்காக அவரைக் ‘கணக்கை நீக்கு’ என்பதை அழுத்த வைக்காதீர்கள். அவசரத்தில் பலர் அப்படிச் செய்துவிடுகிறார்கள். நீக்கினால் அவருடைய பழைய சீட்டுகள் எல்லாம் அழிந்துவிடும். எண்ணும் உடனே கிடைக்காது, நீக்கம் முழுமையாக முடிய 30 நாள் ஆகும். நிலுவைத் தகராறு என்று வந்தால் அவர் கையில் காட்ட எதுவும் இருக்காது.

எண் உங்களுக்குப் புதிது என்றால்

கடையில் வாங்கிய சிம்மின் எண் புத்தம் புதியதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவர் பயன்படுத்தாமல் விட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனங்கள் குறைந்தது 90 நாள் ஒதுக்கி வைத்துவிட்டு, பிறகு வேறொருவருக்குக் கொடுக்கின்றன. முந்தைய ஆள் ரீசார்ஜ் செய்யாமல் விட்டிருப்பார், நம் செயலியில் எண்ணை மாற்ற மறந்திருப்பார். 2023 நவம்பருக்குப் பிறகு அந்தக் கணக்கு திறக்கப்படவில்லை என்பதைப் பார்த்தால், உங்கள் விஷயம் இதுவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

இதில் உங்கள் மேலும் தவறில்லை, அவர் மேலும் பெரிய தவறு இல்லை. கீழே ‘எண்ணை விடுவிக்கக் கேள்’ என்பதை அழுத்துங்கள். சிம் எந்த மாதம் வாங்கினீர்கள் என்று கேட்போம். சிம் உங்கள் பெயரில் இருப்பதைக் காட்டும் ஏதாவது ஒன்றைப் படமெடுத்துப் போடச் சொல்வோம். உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் செயலியில் பெயரும் எண்ணும் சேர்ந்து தெரியும் பக்கம் போதும், போஸ்ட்பெய்டு என்றால் பில் போதும். ஆதார் அட்டையை நாங்கள் கேட்கவில்லை, தயவுசெய்து அனுப்பவும் வேண்டாம். சிம் வீட்டில் வேறொருவர் பெயரில் இருந்தால் மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். கணவர் பெயரில், மகள் பெயரில் சிம் இருப்பது ஊரில் வழக்கம்தான்.

அதன் பிறகு பழைய கணக்குக்காரருக்கு அவர் கொடுத்திருக்கும் மாற்று எண்ணிலும், அவர் கடைசியாகச் சரக்கு இறக்கிய மண்டி வழியாகவும் தகவல் சொல்வோம். ஏழு நாள் பொறுப்போம். அவர் ‘ஆமாம், அந்த எண் இப்போது என்னிடம் இல்லை’ என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே விடுவிப்போம். ஏழு நாளும் பதில் இல்லை என்றால் எட்டாம் நாள் காலையில் உங்கள் எண்ணை அந்தக் கணக்கிலிருந்து கழற்றிவிடுவோம். கணக்கைத் தொட மாட்டோம். அதில் வரவு பாக்கி இருந்தால் அது அவருக்காகவே காத்திருக்கும். வங்கிப் பாஸ்புத்தகத்தோடு அவர் எப்போது வந்தாலும் திறந்து கொடுப்போம். அவருடைய சீட்டு ஒன்றுகூட உங்களுக்குத் தெரியாது, உங்களுடையது அவருக்கும் தெரியாது.

ஏழு நாள் நீளமாகத் தோன்றும், தெரியும். தக்காளி பறித்துப் பெட்டியில் போட்ட பிறகு நாள் கணக்குப் பார்ப்பது எவ்வளவு சங்கடம் என்பதும் தெரியும். ஆனால் மலைக்காட்டில் இருப்பவருக்கு நாங்கள் அனுப்பும் தகவல் போய்ச் சேரச் சில நாள் ஆகத்தான் செய்கிறது. அந்த நாள்களிலும் நீங்கள் சரக்கு இறக்கலாம். மண்டியில் காகிதச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு திறந்ததும் அந்தச் சீட்டுகளை உங்கள் பெயரில் ஏற்றித் தருவோம்.

யார் என்றே தெரியவில்லை, எண்ணும் பல வருடமாக உங்களுடையதுதான் என்றால்

இதற்கு நாங்கள்தான் பொறுப்பு. 2021-ல் மார்க்கெட்டில் பதிவு செய்தபோது ஓடிபி சரிபார்ப்பு கிடையாது. மேசையில் உட்கார்ந்திருந்தவர் எண்ணைக் காதால் கேட்டு எழுதினார். லாரிச் சத்தத்தில் ஒரு இலக்கம் மாறிப்போயிருக்கலாம். மன்னிக்க வேண்டும். இதே ‘எண்ணை விடுவிக்கக் கேள்’ பொத்தானில் ‘எண் எப்போதும் என்னுடையதுதான்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அன்றைய காகிதப் பதிவேட்டை எடுத்துப் பார்த்து, பிழை எங்களுடையது என்று தெரிந்தால் ஏழு நாள் காக்க வைக்க மாட்டோம், இரண்டு வேலை நாளில் முடிப்போம்.

உங்கள் பெயரில் உங்களுக்கே தெரியாத சிம் ஏதாவது ஓடுகிறதோ என்று சந்தேகம் வந்தால், மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை நடத்தும் sancharsaathi.gov.in தளத்தில் பார்க்கலாம். உங்கள் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்று அது காட்டும். உங்களுடையது அல்லாததை அங்கேயே தெரிவிக்கலாம். பணம் ஏதாவது போயிருந்தால் எங்களுக்காகக் காத்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

ஓடிபி வரவில்லையா?

சிம் தொலைந்து புது சிம் போட்டிருந்தால் முதல் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. மோசடியைத் தடுக்க வைத்திருக்கும் ஏற்பாடு அது. மறுநாள் முயன்று பாருங்கள். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றியிருந்தால், அதனால் கணக்குக்கு ஒன்றும் ஆகாது.

இந்த வேலைக்காக நாங்கள் உங்களை அழைத்து ஓடிபி கேட்கவே மாட்டோம். ‘மார்க்கெட் ஆபீஸிலிருந்து பேசுகிறேன், எண்ணை விடுவித்துத் தருகிறேன், வந்த நம்பரைச் சொல்லுங்கள்’ என்று யார் கேட்டாலும், குரல் தெரிந்த குரலாகவே இருந்தாலும், போனை வைத்துவிடுங்கள். ஓடிபியை இந்தத் திரையில் நீங்களே உங்கள் விரலால் போடுவது மட்டும்தான் சரியான வழி. படிக்கச் சிரமமாக இருந்தால் வீட்டுப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எண்ணுக்கு முந்தைய ஆளின் வங்கிக் குறுஞ்செய்திகளும் வந்துகொண்டிருந்தால் அவற்றில் உள்ள எதையும் தொடாதீர்கள், பதிலும் அனுப்பாதீர்கள்.

பேசித் தீர்க்க வேண்டும் என்று நினைத்தால் ‘பேச வேண்டும்’ என்பதை அழுத்துங்கள். காலை 5 மணி முதல் இரவு 9 மணி வரை ஆள் இருப்பார்கள், தமிழில்தான் பேசுவார்கள். மார்க்கெட்டுக்கு வருபவர்கள் எடை மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் மேசைக்கே வரலாம். போனை மட்டும் கொண்டுவாருங்கள்.

கணக்கு திறக்கும் வரை இன்றைய விலையைப் பார்க்கத் தடையில்லை. அதற்கு எண் எதுவும் தேவையில்லை.

— கணக்கு உதவிப் பிரிவு

[ பழைய கணக்கில் நுழை ]
[ மறுபடி பார் ]
[ எண்ணை விடுவிக்கக் கேள் ]
[ பேச வேண்டும் ]
[ இன்றைய விலை ]