சாளை மீன்

"அடுத்த வெள்ளிக்கிழமை செய்தி கொடுப்பது ஜெபா" என்று ஸ்டெல்லா அக்கா அறிவித்தபோது, ஜெபா வாசலில் கிடந்த செருப்புகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள். ஜெபக்கூட்டத்தில் அவளுக்குப் பிடித்த வேலை அதுதான். பாய் விரிப்பாள், பாட்டுப் புத்தகம் எடுத்துக் கொடுப்பாள், கடைசியில் கருப்பட்டிக் காபி டம்ளர்களைக் கழுவுவாள். வாய் திறப்பது ஆமென் சொல்ல மட்டும்; அதுவும் கூட்டத்தோடு கூட்டமாக.

"எனக்கு வராது அக்கா."

"ஐந்தே நிமிடம். யோவான் ஆறாம் அதிகாரம்."

ஒரு வாரம் உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினாள். ஐந்து வாற்கோதுமை அப்பம், இரண்டு மீன், அதைக் கொண்டு இயேசு பசியாற்றிய ஐயாயிரம் பேர், மீந்தது பன்னிரண்டு கூடை. பனைமரத்தடியில் ஆட்டுக்குட்டிக்கு வாசித்துக் காட்டினாள். அது பொறுமையாகக் கேட்டுவிட்டு, காகிதத்தின் ஓரத்தைக் கடித்தது.

இந்த அற்புதம் நான்கு சுவிசேஷங்களிலும் வருகிறது. ஆனால் அப்பமும் மீனும் வைத்திருந்த பையன் யோவானில் மட்டும்தான் இருக்கிறான். அங்கும் அவன் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இதைக் கண்டபோது ஜெபாவுக்குச் சிரிப்பு வந்தது. செய்தியில் சொல்லக்கூடியதாகத் தோன்றாததால், எழுதாமல் விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, இருபது பேர். எழுந்து நின்றதும் கையில் காகிதம் படபடத்தது.

"கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே..."

"கேட்கவில்லை" என்றார் முன்வரிசையில் இருந்த தங்கம் பாட்டி, காதருகே கையைக் குவித்து.

மறுபடி சொன்னாள்.

"கேட்கவில்லை, பிள்ளை!"

பின்னால் யாரோ சிரித்தார்கள். ஓடிவிடலாம் என்றால், செருப்புகளைத் தாண்டித்தான் வாசல். ஜெபா இரண்டு எட்டு வைத்தாள், வாசல் பக்கமாக அல்ல. பாட்டியின் எதிரே பாயில் உட்கார்ந்தாள். காகிதம் மடியில் கிடந்தது.

"பாட்டி, ஒரு பையன் சாப்பாடு கொண்டுவந்திருந்தான்" என்றாள், பாட்டியின் காதுக்கு எட்டும் குரலில்.

"என்ன சாப்பாடு?"

"ஐந்து அப்பம், இரண்டு மீன்."

"அம்மா கட்டிக் கொடுத்திருப்பாள். சரி, அவன் என்ன சொன்னான்?"

"ஒன்றும் சொல்லவில்லை பாட்டி. பேதுருவின் தம்பி... இல்லை, சகோதரன் அந்திரேயாதான் அவனுக்காகப் பேசினார். 'இவ்வளவு ஜனங்களுக்கு இது எம்மாத்திரம்' என்றும் அவரே சொல்லிவிட்டார். பையன் பக்கத்திலேயே நிற்கிறான். அவனுக்கு எப்படி இருந்திருக்கும்?"

பாட்டி பதில் சொல்லவில்லை. சிரிப்பும் நின்றிருந்தது.

"வெட்கமாக இருந்திருக்கும்" என்றாள் ஜெபா. "ஆனாலும் அவன் சாப்பாட்டை மூடி வைத்துக்கொள்ளவில்லை."

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் பேசினாள் என்று அவளுக்குத் தெரியாது. ஸ்டெல்லா அக்கா ஜெபித்து முடித்தபோது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது.

காபி கொடுக்கும்போது பாட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அது என்ன மீன்?"

"வேதத்தில் போடவில்லை பாட்டி."

"சாளையாகத்தான் இருக்கும்" என்றார் பாட்டி, கடற்கரையில் நேரில் நின்று பார்த்தவரைப் போல.