நாளைக்கு எண்டோக்ரைன் டெஸ்ட்

மருத்துவக் கல்லூரி மகளிர் விடுதி, முதலாம் ஆண்டு. இரவு பதினொன்றரை. கயலின் கட்டிலில் பிசியாலஜி நோட்டு, பாதி பிஸ்கட் பாக்கெட், பிராக்டிகலுக்கு வாங்கிய பிபி கருவி.

கயல்: சும்மா வாசித்துக்கொண்டே இருந்தால் தூக்கம்தான் வரும். நான் கேட்கிறேன், நீ சொல்லு. பின் பிட்யூட்டரியில் உருவாகும் ஹார்மோன் என்னென்ன?

ஷர்மி: ஏடிஎச், ஆக்ஸிடோசின்.

கயல்: போச்சு. “உருவாகும்” என்று கேட்டேன்டி.

ஷர்மி: ஐயோ! ஒன்றும் உருவாகாது. ஹைபோதலாமஸில் உருவாகி, ஆக்ஸான் வழியாக இறங்கி அங்கே தங்கும். சுப்ராஆப்டிக்கில் பெரும்பாலும் ஏடிஎச், பாராவென்ட்ரிகுலரில் பெரும்பாலும் ஆக்ஸிடோசின். சரியா?

கயல்: சரி. பிட்யூட்டரி தண்டை வெட்டிவிட்டால் முன்பக்க ஹார்மோன்கள் என்ன ஆகும்?

ஷர்மி: எல்லாம் இறங்கும், புரோலாக்டின் மட்டும் ஏறும். வார்டன் ஊருக்குப் போன நாள் மாதிரி. மேலிருந்து வரும் டோபமின்தான் அதை அடக்கி வைத்திருக்கும்.

கயல்: வாந்திக்கு டோம்பெரிடோன் சாப்பிடுகிற சிலருக்குப் பால் சுரப்பது ஏன்?

ஷர்மி: அதே கதைதான். மாத்திரை டோபமின் ரிசெப்டரை அடைத்துவிடும். இப்போது என் முறை. அதே தண்டை வெட்டினால் அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச்சும் இறங்கும் இல்லையா? ஆல்டோஸ்டிரோன்?

கயல்: அதுவும் இறங்கும்.

ஷர்மி: நன்றாக யோசி.

கயல்: இரு, இரு. ஆல்டோஸ்டிரோன் சுரக்கும் குளோமெருலோசா அடுக்கு முக்கியமாக யார் பேச்சைக் கேட்கும்? ஆஞ்சியோடென்சின், பொட்டாசியம். ஏசிடிஎச்சுக்கு அங்கே பெரிய வேலை இல்லை. அப்படியென்றால் ஆல்டோஸ்டிரோன் ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

ஷர்மி: அதனால்தான் பிட்யூட்டரி கெட்டவருக்குப் பொட்டாசியம் ஏறாது, அட்ரினலே கெட்டுப்போகும் அடிசன் நோயில் ஏறும். இதை வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். அடிசனில் தோல் கறுப்பது ஏன்?

கயல்: கார்டிசால் இல்லை, தடுக்க ஆள் இல்லை, ஏசிடிஎச் எகிறும். அதன் முதல் 13 அமினோ அமிலமும் தோலைக் கறுக்க வைக்கும் ஆல்ஃபா எம்எஸ்எச்சும் ஒன்றே. மெலனோசைட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஷர்மி: பதின்மூன்று வரைக்குமா படித்தாய்? பைத்தியம். சரி, கால்சியம் கேளு. எனக்கு அங்கேதான் உதறல்.

கயல்: கையை நீட்டு.

கயல் ஷர்மியின் மேற்கையில் பிபி கஃபைச் சுற்றுகிறாள்.

கயல்: தைராய்டு ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள், நோயாளிக்கு உதட்டைச் சுற்றி மரத்துப் போகிறது. என்ன பார்ப்பாய்?

ஷர்மி: டிரூஸோ அறிகுறி. கஃபை சிஸ்டாலிக்குக்கு மேலே ஏற்றி மூன்று நிமிடம் வைக்க வேண்டும். ஏய், நிஜமாகவே ஏற்றாதே! வலிக்கும்டி.

கயல்: ஏற்றவில்லை. கை எப்படிப் போகும், காட்டு.

ஷர்மி மணிக்கட்டை மடக்குகிறாள். விரல்கள் அடிமூட்டில் மடங்கி மற்றபடி நேராக நிற்கின்றன, கட்டைவிரல் உள்ளங்கைக்குள் ஒடுங்குகிறது.

கயல்: அழகு. காரணம்?

ஷர்மி: பாராதைராய்டும் சேர்ந்து போயிருக்கும், இல்லையென்றால் அதன் ரத்த ஓட்டம் கெட்டிருக்கும். அது சுரக்கும் பிடிஎச் இல்லை, கால்சியம் இறங்கும். ஆனால் எனக்குக் குழப்பம் அதுதான். கால்சியம் குறைந்தால் தசை தளரத்தானே வேண்டும், ஏன் இழுக்கிறது?

கயல்: தசைக்கு முன்னால் நரம்பைப் பார். வெளியே இருக்கும் கால்சியம்தான் சோடியம் சேனலை எளிதில் திறக்க விடாமல் வைத்திருக்கும். அது குறைந்தால் சின்னத் தூண்டலுக்கே நரம்பு சுடும். சுருங்கத் தேவையான கால்சியம் தசைக்குள்ளேயே இருப்பு இருக்கிறதே.

ஷர்மி: ஆங்! இப்போது விளங்குகிறது.

கயல்: கல்சுரல்ஸ் மேடை ஏறுவதற்கு முன் பயத்தில் மூச்சு வாங்கி, விரலெல்லாம் சுருசுரு என்கிறது என்று அழுதாயே, அதற்குப் பதில் சொல்லு.

ஷர்மி: அதை ஏன்டி இழுக்கிறாய்? வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு வெளியே போகும், ரத்தம் காரமாகும். ஆல்புமினிலிருந்து ஹைட்ரஜன் கழன்று அந்த இடத்தில் கால்சியம் ஒட்டும். தனியாகத் திரியும் கால்சியம் குறையும்.

கயல்: ரத்தம் எடுத்து மொத்தக் கால்சியம் பார்த்திருந்தால்?

ஷர்மி: நார்மல்! நடிக்கிறேன் என்று சொல்லியிருப்பார்கள்.

கயல்: கடைசியாக ஒன்று. பிடிஎச் ரிசெப்டர் எலும்பில் எந்தச் செல்லில் இருக்கும்?

ஷர்மி: ஆஸ்டியோகிளாஸ்ட்... இல்லை, இல்லை, ஆஸ்டியோபிளாஸ்ட். அதுதான் ராங்க் லிகண்டைக் காட்டி, எலும்பைக் கரைக்கும் கிளாஸ்ட்டைக் கிளப்பிவிடும்.

கயல்: தப்பித்தாய். விளக்கை அணைக்கட்டுமா?

ஷர்மி: தைராய்டு இன்னும் கேட்கவே இல்லையே.

கயல்: அது... காலையில் பார்க்கலாம்.

ஷர்மி: நீ படிக்கவே இல்லை, அப்படித்தானே? எழுந்து உட்கார். அயோடைடு ஃபாலிக்கிள் செல்லுக்குள் எப்படி நுழையும்?