போனில் ஓடிபியும் கேட்கமாட்டோம், முன்பணமும் கேட்கமாட்டோம்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கடைப் பெயரைச் சொல்லி உங்களில் சிலருக்குப் போன் வந்திருக்கிறது. "சர்வீஸுக்குக் கொடுத்த வாஷிங் மெஷின் ரெடி, பாதிப் பணத்தை இப்போதே போட்டால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடும்" என்று ஒருவர். "உங்கள் பாயின்ட் இன்றோடு காலாவதி, போனுக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லுங்கள்" என்று இன்னொருவர். இருவருமே நம் ஆட்கள் இல்லை.

எங்கள் ஊழியர் யாரும் போனில் ஓடிபி, பின் நம்பர், கார்டின் பின்பக்கமுள்ள மூன்று இலக்கம் எதையும் கேட்கமாட்டார்கள். ஆர்டருக்கு முன்பணம் வேண்டுமென்றால் கவுன்ட்டரில் வாங்கி, அங்கேயே ரசீது போட்டுத் தருவோம். சர்வீஸ் கூலி, மெஷினை ஓடவிட்டு நீங்கள் பார்த்த பிறகுதான். டெலிவரிக்கு வருபவர் பில்லை மட்டும் காட்டுவார். பொருள் தயார், எப்போது கொண்டுவரலாம் என்று கேட்கத்தான் நாங்கள் போன் செய்வோம்.

அந்த ஆறு இலக்க எண்ணுக்கும் பாயின்ட்டுக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் கார்டில் யாரோ பொருள் வாங்கும்போதோ, உங்கள் வாட்ஸ்அப்பைத் தன் போனில் திறக்கும்போதோதான் அது வரும். எஸ்எம்எஸ்ஸை முழுதாகப் படித்தால் அனுப்பியது யார் என்று தெரியும், பல சமயம் தொகையும் இருக்கும். "ரீஃபண்ட் வருகிறது, ஸ்கேன் செய்து பின் போடுங்கள்" என்பதும் இதே வேலைதான். பணம் வாங்க பின் போடத் தேவையில்லை. போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும்.

மெஷின் மாடலைச் சரியாகச் சொல்கிறாரே என்று நம்பிவிடாதீர்கள். குப்பையில் போட்ட பில்லிலேயே மாடலும் உங்கள் எண்ணும் இருக்கும் (பழைய பில்லைக் கிழித்துப் போடுங்கள்). திரையில் நம் கடை எண்ணே தெரிந்தாலும் அதைப் போலியாகக் காட்ட முடியும். போனை வைத்துவிட்டு, பில்லில் அச்சிட்ட எண்ணை நீங்களே அழுத்திக் கேளுங்கள். இணையத்தில் தேடி எடுத்த எண் வேண்டாம்.

"இந்த எண்ணை டயல் செய்யுங்கள்" என்று `**21*` என ஆரம்பிக்கும் ஒன்றைச் சொன்னால் செய்யாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்பெல்லாம், குரலில் வரும் ஓடிபி உட்பட, அவர்களுக்குத் திரும்பிவிடும். ஏற்கெனவே டயல் செய்திருந்தால் `*#21#` போட்டுப் பாருங்கள், `##002#` போட்டால் பெரும்பாலும் ரத்தாகிவிடும்.

அந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லிவிட்டீர்களா? முதலில் கார்டின் பின்னால் உள்ள வங்கி எண்ணுக்குப் பேசி கார்டை முடக்குங்கள். இதில் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். வாட்ஸ்அப் போயிருந்தால் உங்கள் எண்ணிலேயே மறுபடி பதிவு செய்யுங்கள், அவர்கள் வெளியேற்றப்படுவார்கள். அவர்கள் தனி பின் வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரலாம். அதுவரை உங்கள் பெயரில் யார் பணம் கேட்டாலும் தர வேண்டாமென்று உறவினர்களுக்குப் போனிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு காவல் துறையில் புகார் கொடுங்கள்.

அப்படி அழைத்த எண்ணையும் நேரத்தையும் கவுன்ட்டரில் சொல்லிவிட்டுப் போனால் மற்றவர்களை எச்சரிக்க உதவும்.

இப்படிக்கு,
கடை உரிமையாளர்