சனிக்கிழமை கணக்குத் தாள்: எட்டுச் செம்பனைக் குலைகளின் திட்ட விலக்கம்

படிவம் 4 மாணவர்களுக்கு, பெஸ்தாரி ஜெயா (நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்).

பள்ளியில் இதை சிசிஹான் பியாவாய் என்று படிக்கிறீர்கள். தமிழில் திட்ட விலக்கம். சராசரிக்கு மின், பரவற்படிக்கு வேரியன்ஸ். படிவம் 4 கணிதப் பாடநூலின் 8ஆம் அத்தியாயம் இதுதான். சோதனையில் கேள்வி மலாயிலோ ஆங்கிலத்திலோ வரும். ஆனால் கணக்கு மனதில் ஓடுவது வீட்டு மொழியில் என்பதால் இந்தத் தாளைத் தமிழில் எழுதியிருக்கிறேன்.

கால்குலேட்டரை எடுத்து வைத்துவிடுங்கள். கடைசியில் சரிபார்க்க மட்டும் அது வேண்டும்.

எண்கள் எங்கிருந்து வந்தன

ஆற்றங்கரைப் பக்கம் ஒரு சிறு செம்பனைத் தோட்டம். போன வாரம் அங்கே வெட்டிய குலைகளில் எட்டைத் தராசுக் கொக்கியில் ஒவ்வொன்றாக மாட்டி, கிலோவில் குறித்துக்கொண்டோம். முள் குத்தாமல் காம்பைப் பிடித்துத் தூக்குவதே ஒரு வேலை. எல்லாம் ஒரே வயது மரங்களில் வந்த குலைகள்:

14, 18, 16, 22, 12, 20, 17, 17

முதலில் கோடு போடுங்கள்

ரூலர் வைத்து மூன்று பத்திகள் வரையுங்கள். கடைசி வரிக்கு மேல் ஒரு கோடு, அதன் கீழே கூட்டுத்தொகை. எண்களை ஒன்றின் கீழ் ஒன்றாக, ஒற்றை இலக்கம் ஒற்றை இலக்கத்துக்கு நேராக எழுத வேண்டும். இதை நான் அழகுக்காகச் சொல்லவில்லை. இந்தக் கணக்கில் பிழை வருவது பெரும்பாலும் பெருக்கலில் அல்ல. வரிசை மாறிப்போய், ஓர் எண்ணை இரண்டு முறை கூட்டுவதில்தான் வருகிறது.

சராசரி: 14 + 18 + 16 + 22 + 12 + 20 + 17 + 17 = 136. எட்டால் வகுத்தால் x̄ = 17.

| x | x − x̄ | (x − x̄)² |
|---:|---:|---:|
| 14 | −3 | 9 |
| 18 | 1 | 1 |
| 16 | −1 | 1 |
| 22 | 5 | 25 |
| 12 | −5 | 25 |
| 20 | 3 | 9 |
| 17 | 0 | 0 |
| 17 | 0 | 0 |
| 136 | 0 | 70 |

நடுப்பத்தியின் கூட்டுத்தொகையைப் பாருங்கள்: சுழியம். இது எப்போதும் சுழியமாகத்தான் வரும். சராசரிக்கு மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒன்றையொன்று சரிக்கட்டும் இடத்தைத்தான் சராசரி என்கிறோம். ஆகவே நடுப்பத்தி சுழியமாகவில்லை என்றால் மூன்றாம் பத்திக்குப் போகாதீர்கள். பிழை அங்கேயே இருக்கிறது, தேடிப் பிடியுங்கள்.

போன வகுப்பில் ஒரு மாணவி, "ஏன் சார் வர்க்கம் எடுக்கணும், குறியை மட்டும் எடுத்துட்டா போதாதா?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. குறியை எடுத்துவிட்டுச் சராசரி பார்த்தால் 18 ÷ 8 = 2.25 வரும். அதுவும் பரவலைக் காட்டும் ஓர் அளவுதான், தவறு ஒன்றுமில்லை. ஆனால் வர்க்கம் எடுக்கும்போது தூரம் போன குலைக்குக் கூடுதல் முக்கியத்துவம் கிடைக்கிறது. 1 கிலோ விலகினால் 1, 5 கிலோ விலகினால் 25. அட்டவணையில் 22ம் 12ம் சேர்ந்து 70இல் 50ஐ எடுத்துக்கொண்டதைப் பாருங்கள். பாடத்திட்டம் கேட்பது இந்த அளவைத்தான்.

இனி இரண்டே படி:

σ² = 70 ÷ 8 = 8.75

σ = √8.75

வேரியன்ஸின் அலகு கிலோ வர்க்கம். குலையைக் கிலோ வர்க்கத்தில் யாரும் நிறுப்பதில்லை. அதைத் திரும்பக் கிலோவுக்குக் கொண்டுவரத்தான் வர்க்கமூலம்.

வர்க்கமூலம் கையால்

3 × 3 = 9. நமக்கு வேண்டியது 8.75, ஆகவே விடை 3க்குக் கொஞ்சம் கீழே. 2.95 என்று ஊகிக்கிறேன். 8.75ஐ 2.95ஆல் வகுத்தால் 2.966. ஊகித்ததற்கும் வந்ததற்கும் நடு எண் 2.958. சரிபார்ப்போம்: 2.958 × 2.958 = 8.7498. போதும்.

σ = 2.958 கிலோ

சராசரிக் குலை 17 கிலோ. குலைகள் அதிலிருந்து ஏறக்குறைய 3 கிலோ அளவில் விலகி நிற்கின்றன. இந்த வாக்கியத்தையும் விடைக்குக் கீழே எழுதிப் பழகுங்கள். எண்ணை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தினால் அது எதைச் சொல்கிறது என்று நமக்கே மறந்துபோகும்.

பக்கத்துத் துண்டு நிலம்

அதே நாள், பக்கத்துத் துண்டில் எட்டுக் குலைகள். அங்கே பழைய மரமும் மறுநடவு செய்த இளமரமும் கலந்து நிற்கின்றன: 9, 25, 11, 24, 17, 28, 8, 14. கூட்டினால் இதுவும் 136, சராசரி 17.

| x | x − x̄ | (x − x̄)² |
|---:|---:|---:|
| 9 | −8 | 64 |
| 25 | 8 | 64 |
| 11 | −6 | 36 |
| 24 | 7 | 49 |
| 17 | 0 | 0 |
| 28 | 11 | 121 |
| 8 | −9 | 81 |
| 14 | −3 | 9 |
| 136 | 0 | 424 |

σ² = 424 ÷ 8 = 53, σ = 7.280 கிலோ.

லோரிக்கு இரண்டு துண்டும் ஒன்றுதான்: எட்டுக் குலை, 136 கிலோ. தூக்கிப் போடுகிறவர் தோளைக் கேட்டால் வேறு கதை. ஒரு துண்டில் எல்லாம் ஏறக்குறைய ஒரே பாரம். இன்னொன்றில் 8 கிலோவுக்குப் பிறகு 28 கிலோ. சராசரி அந்த வித்தியாசத்தை மறைத்துவிட்டது, σ காட்டிக்கொடுத்தது. "எந்தத் துண்டு அதிகச் சீரானது, ஏன்?" என்று சோதனையில் கேட்டால், சிறிய σ உள்ளது என்று எழுதி, இரண்டு எண்களையும் பக்கத்தில் காட்டுங்கள்.

இரண்டாவது வழி

σ² = Σx² ÷ N − x̄²

இதற்கு இரண்டே பத்தி. முதல் துண்டின் எண்களை வர்க்கப்படுத்தினால் 196, 324, 256, 484, 144, 400, 289, 289. கூட்டுத்தொகை 2382. எட்டால் வகுத்தால் 297.75. அதிலிருந்து 17² = 289ஐக் கழித்தால் 8.75. அதே விடை.

எது நல்லது? சராசரி முழு எண்ணாக வந்தால் எனக்கு முதல் வழிதான் பிடிக்கும், எண்கள் சின்னதாக இருக்கும். புதிதாக ஓர் எண் வந்து சேரும்போது இரண்டாவது வழி கைகொடுக்கும். முதல் துண்டில் ஒன்பதாவதாக ஒரு 26 கிலோ குலையைச் சேர்த்துப் பாருங்கள். சராசரி 162 ÷ 9 = 18 ஆகிவிடும். முதல் வழியில் நடுப்பத்தி முழுவதையும் அழித்துத் திரும்ப எழுத வேண்டும். இரண்டாவது வழியில் ஒரே ஒரு வரி கூடுகிறது: 2382 + 676 = 3058. ஒன்பதால் வகுத்தால் 339.778, கழித்தல் 324, மீதி 15.778. σ = 3.972. ஒரு பெரிய குலை மட்டும் சேர்ந்ததில் 2.958 இருந்தது 3.972க்கு ஏறிவிட்டது.

சராசரியை முழுமையாக்காதீர்கள்

இந்தத் தாளில் எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். பால்மரம் வெட்டுகிற ஒருவர் ஆறு நாள் கொண்டுவந்த பால், கிலோவில்: 11, 13, 12, 16, 15, 14. கூட்டுத்தொகை 81, சராசரி 13.5. தசமம் தொந்தரவு என்று இதை 14 ஆக்கினால் என்ன ஆகும்?

| x | x − 14 | (x − 14)² | x − 13.5 | (x − 13.5)² |
|---:|---:|---:|---:|---:|
| 11 | −3 | 9 | −2.5 | 6.25 |
| 13 | −1 | 1 | −0.5 | 0.25 |
| 12 | −2 | 4 | −1.5 | 2.25 |
| 16 | 2 | 4 | 2.5 | 6.25 |
| 15 | 1 | 1 | 1.5 | 2.25 |
| 14 | 0 | 0 | 0.5 | 0.25 |
| 81 | −3 | 19 | 0 | 17.5 |

14 வைத்த பத்தி −3 என்று நின்று நம்மை எச்சரிக்கிறது. கவனிக்காமல் போனால் σ = 1.780 என்று வரும். சரியான விடை 17.5 ÷ 6 = 2.917, அதன் வர்க்கமூலம் 1.708.

இரண்டாவது வழியில் இந்தப் பிழை இன்னும் மோசம். Σx² = 1111, ஆறால் வகுத்தால் 185.167. அதிலிருந்து 14² = 196ஐக் கழித்தால் −10.83! வர்க்கங்களின் சராசரி எதிர்ம எண்ணாக வரவே முடியாது. வேரியன்ஸ் எதிர்மமாக வந்தால் அதற்கு வர்க்கமூலம் தேடி நேரத்தைச் செலவழிக்காமல் சராசரியைத் திரும்பப் பாருங்கள். 13.5² = 182.25, கழித்தால் 2.917. சரி. முழுமையாக்குவது கடைசி வரியில் மட்டும்.

கால்குலேட்டரில் இரண்டு விடை

இப்போது கால்குலேட்டரை எடுக்கலாம். முதல் எட்டுக் குலைகளைப் போட்டால் σx = 2.958 என்றும் sx = 3.162 என்றும் இரண்டு காட்டும். இரண்டாவது 70ஐ 8ஆல் அல்ல, 7ஆல் வகுத்தது: 70 ÷ 7 = 10, √10 = 3.162. சில எண்களை மாதிரியாக எடுத்து முழுத் தோட்டத்தின் பரவலை மதிப்பிடும்போது N − 1ஆல் வகுப்பார்கள். மாதிரியின் சராசரி அந்த எண்களுக்கு நடுவிலேயே உட்கார்ந்திருப்பதால் பரவல் சற்றுக் குறைவாகத் தெரியும், அதை ஈடுகட்டத்தான். உங்கள் பாடத்தில் N தான். σx பக்கம் பாருங்கள்.

வீட்டுக் கணக்கு

அ) ஏழு நாள் பால், கிலோவில்: 8, 11, 9, 13, 10, 7, 12. இரண்டு வழியிலும் σ காண்க. முதல் வழியில் மூன்றாம் பத்தி 28, இரண்டாவது வழியில் Σx² = 728 வந்தால் சரியான பாதையில் இருக்கிறீர்கள். விடை 2 கிலோ.

ஆ) நிறுத்தபோது ஒவ்வொரு நாளும் 1.5 கிலோ வாளியையும் சேர்த்து நிறுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரியவருகிறது. வாளியைக் கழித்தால் சராசரி என்ன, σ என்ன? ஏழு எண்களையும் திருத்தி, அட்டவணையைப் புதிதாகப் போட்டுப் பாருங்கள். சராசரி 8.5க்கு இறங்கும். நடுப்பத்தியில் ஓர் எண்கூட மாறாது. ஏன் மாறவில்லை என்று இரண்டு வரி எழுதி, அடுத்த சனிக்கிழமை காலை 9 மணி வகுப்புக்குக் கொண்டு வாருங்கள்.