செப்டம்பர் 14 கூட்டம்: யார் எதை முடிவு செய்தார்கள்

நம் குடியிருப்பில் வசிக்கும் 24 குடும்பத்தாருக்கும் வணக்கம்.

2025 செப்டம்பர் 14, ஞாயிறு காலை மொட்டை மாடியில் நடந்த பொதுக்குழுவுக்கு நான் எழுதி, அறிவிப்புப் பலகையில் ஒட்டிய நடவடிக்கைக் குறிப்பில் "விவாதிக்கப்பட்டது", "தீர்மானிக்கப்பட்டது", "ஆவன செய்யப்படும்" என்ற சொற்களே நிறைந்திருந்தன. அதைப் படித்த பி-4 வீட்டு அம்மா, "தூர்வாருவது யார் பொறுப்பு என்று இதில் எங்கே இருக்கிறது?" என்று கேட்டபோது என்னால் காட்ட முடியவில்லை. ஆகவே, என் கைக்குறிப்பைப் பார்த்தும், பேசியவர்களிடம் மறுபடி கேட்டும், தலைவரின் ஒப்புதலோடு இதை எழுதுகிறேன்.

"மழைநீர் சேகரிப்புக் குழிகள் பருவமழைக்கு முன்னர் தூர்வாரப்பட வேண்டும் எனத் தீர்மானிக்கப்பட்டது" என்று முதலில் எழுதியிருந்தேன். உண்மையில் இதைக் கொண்டுவந்தவர் ஏ-3 வீட்டு ஓய்வுபெற்ற பொறியாளர். சென்ற ஆண்டு மாடித் தண்ணீர் குழிக்குள் இறங்காமல் வாகன நிறுத்தத்தில் தேங்கியதையும், கூழாங்கல்லின் மேல் சேறு படிந்து இறுகிப்போனதே அதற்குக் காரணம் என்பதையும் அவர் விளக்கினார். வந்திருந்த 19 பேரில் 15 பேர் உடனே செய்யலாம் என்றார்கள்; மூன்று பேர் செலவு கருதி எதிர்த்தார்கள்; ஒருவர் கருத்துச் சொல்லவில்லை. இரண்டு குழிகளுக்கும் 18,000 ரூபாய் வரை பராமரிப்பு நிதியிலிருந்து தரப் பொருளாளர் ஒப்புக்கொண்டார். ஆள் பிடித்து அக்டோபர் 5-க்குள் வேலையை முடிப்பது செயலாளரின் பொறுப்பு. கல்லும் மணலும் சரியாக நிரப்பப்படுகின்றனவா என்று பொறியாளர் அருகிலிருந்து பார்ப்பார்.

தண்ணீர் லாரிச் செலவை வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரிப்பதே தொடரும் எனத் தலைவர் அறிவித்தார். அதற்கு வாக்கெடுப்பு நடக்கவில்லை. தனியாக வசிக்கும் சி-1 வீட்டுப் பெரியவர், ஆறு பேர் உள்ள வீட்டுக்கும் தனக்கும் ஒரே தொகை நியாயமில்லை என்று சொன்னதை நான் "சில கருத்துகள் தெரிவிக்கப்பட்டன" என்று மழுப்பி எழுதிவிட்டேன். அவர் கேட்டது வீட்டுக்கு ஒரு தண்ணீர் மீட்டர். அதற்கான விலைப்புள்ளியை அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகப் பொருளாளர் வாக்களித்திருக்கிறார்.

லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தம் "பரிசீலிக்கப்பட்டது" என்ற வரியை நீக்கிவிட்டேன், ஏனெனில் அன்று யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை. நேரமாகிவிட்டது என்று கலைந்துபோனோம். ஒப்பந்தம் அக்டோபர் 31-இல் முடிகிறது. அதற்குமுன் செயற்குழுவைக் கூட்டுவதாகத் தலைவர் நேற்று என்னிடம் சொன்னார்.

உங்கள் பேச்சை நான் தவறாகப் பதிந்திருந்தால் செப்டம்பர் 28-க்குள் சொல்லுங்கள். திருத்திய பிறகே பதிவேட்டில் ஏற்றுவேன்.

இணைச் செயலாளர்